கிண்ணத்தில் 0.96 கிராம்: பொட்டலத்தின் முகப்பில் எந்த வாசகம்?

மேசையில் ஒரு மாதிரிப் பொட்டலம் இருக்கிறது. ஓட்ஸ் கலந்த காலை உணவுப் பொடி. முகப்பில் வடிவமைப்பாளர் ஓட்ஸைக் கொண்டே ஓர் இதயத்தை வரைந்திருக்கிறார். அதற்குக் கீழே ஒரு வரிக்கான இடம் காலியாக இருக்கிறது. அந்த ஒரு வரிக்கு ஐந்து வாசகங்கள் முன்வைக்கப்பட்டன. "நார்ச்சத்து நிறைந்தது." "இதயத்துக்கு நல்லது." "இரத்தக் கொலஸ்டிராலை இயல்பு நிலையில் வைத்திருக்க உதவுகிறது." "கொலஸ்டிராலைக் குறைத்து இதய நோய் அபாயத்தைத் தணிக்கிறது." கடைசியாக, "மருத்துவர்கள் பரிந்துரைப்பது."

படிப்பவருக்கு இவை ஒரே பேச்சின் ஐந்து வடிவங்களாகத் தோன்றும். சட்டத்துக்கு அப்படியல்ல. முதலாவது ஊட்டச்சத்துக் கூற்று. இரண்டாவது பொதுவான நலக் கூற்று. மூன்றாவது, உடலின் இயல்பான செயற்பாட்டைப் பற்றிய கூற்று. நான்காவது நோய் அபாயத்தைக் குறைப்பதாகச் சொல்லும் கூற்று. ஐந்தாவது சான்றுரை. ஒவ்வொன்றுக்கும் தனி நிபந்தனை உண்டு. ஒன்றின் நிபந்தனையை நிறைவேற்றிவிட்டு மற்றொன்றை எழுத முடியாது. விளம்பர வாசகம் எழுதுவதையே தொழிலாகக் கொண்டிருக்கும் நான் இத்தகைய தேர்வில் பலமுறை இடறியிருக்கிறேன். அதனால் இந்த ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, கணக்குப் போட்டு, ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் பொடியின் சேர்மானம். 100 கிராமில் ஓட்ஸ் 60 கிராம், சர்க்கரை 18 கிராம், மீதி கொழுப்பு நீக்கிய பால்பொடியும் மணமூட்டியும். ஓட்ஸில் நார்ச்சத்து ஏறக்குறைய 10 விழுக்காடு. அந்த நார்ச்சத்தின் ஒரு பகுதிதான் பீட்டா குளூக்கான் என்ற கரையும் நார். இரகத்தையும் விளைச்சலையும் பொறுத்து அது 3 முதல் 5 விழுக்காடு வரை இருக்கும். 4 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 100 கிராம் பொடியில் நார்ச்சத்து 6 கிராம், பீட்டா குளூக்கான் 2.4 கிராம். ஒரு வேளைக்கு 40 கிராம் பொடியை 200 மில்லி தண்ணீரில் கரைக்கச் சொல்கிறது பொட்டலம். ஆகவே ஒரு கிண்ணத்தில் நார்ச்சத்து 2.4 கிராம், பீட்டா குளூக்கான் 0.96 கிராம், சர்க்கரை 7.2 கிராம். இந்த மூன்று எண்கள்தாம் எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போகின்றன.

"நார்ச்சத்து நிறைந்தது" என்பதில் சிக்கல் இருக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1924/2006 எண் ஒழுங்குமுறைப்படி, 100 கிராமில் 3 கிராம் நார்ச்சத்து இருந்தால் "நார்ச்சத்துக்கு ஆதாரம்" என்று எழுதலாம். 6 கிராம் இருந்தால் "நிறைந்தது" என்று எழுதலாம். கலோரிக் கணக்கிலும் பார்க்கலாம்: 100 கிலோ கலோரிக்கு 1.5 கிராம் இருந்தால் ஆதாரம், 3 கிராம் இருந்தால் நிறைந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பரம் மற்றும் கூற்றுகள் ஒழுங்குமுறையும் திடப்பொருளுக்கு இதே 3, 6 என்ற எல்லைகளையே வைத்திருக்கிறது. நம் பொடியில் சரியாக 6. வேலை முடிந்தது என்று தோன்றும்.

முடியவில்லை. ஐரோப்பிய ஒழுங்குமுறையின் 5ஆவது பிரிவில் ஒரு சிறு வரி இருக்கிறது: தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி உண்ணத் தயாரான நிலையில் உள்ள உணவுக்கே கூற்று பொருந்த வேண்டும். நாம் சொன்ன முறை, தண்ணீரில் கரைப்பது. 40 கிராம் பொடியும் 200 மில்லி தண்ணீரும் சேர்ந்து 240 கிராம் கஞ்சி. அதில் 2.4 கிராம் நார்ச்சத்து என்றால் 100 கிராமுக்கு ஒரே ஒரு கிராம். "நிறைந்தது" மட்டுமல்ல, "ஆதாரம்" என்ற சொல்லும் எடை வழியில் நிற்காது. கலோரி வழியில் பார்ப்போம். அந்தக் கிண்ணத்தில் ஏறக்குறைய 152 கிலோ கலோரி, 2.4ஐ அதற்குப் பங்கிட்டால் 100 கலோரிக்கு 1.58 கிராம். "ஆதாரம்" மயிரிழையில் தேறுகிறது. "நிறைந்தது" தேறவே இல்லை. சமையல் குறிப்பில் தண்ணீருக்குப் பதிலாக முழுக் கொழுப்புப் பால் என்று எழுதியிருந்தால் சுமார் 130 கலோரி கூடி, விகிதம் 0.85 ஆகச் சரியும். பொட்டலத்தின் பின்புறத்தில் யாரோ ஒருவர் ஒரு சொல்லை மாற்றினால் முன்புறத்து வாசகம் சட்டவிரோதமாகிவிடும். பின்புறக் குறிப்பை எழுதுபவரும் முன்புற வாசகத்தை எழுதுபவரும் பெரும்பாலும் பேசிக்கொள்வதில்லை என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கணக்கே வேறு. அங்கே 100 கிராம் என்ற அளவுகோல் கிடையாது. அந்த உணவை மக்கள் ஒரு வேளைக்கு வழக்கமாக எவ்வளவு உண்கிறார்கள் என்று அரசு வகுத்திருக்கும் அளவில், நாள் தேவையான 28 கிராமில் 20 விழுக்காடு, அதாவது 5.6 கிராம் இருந்தால்தான் "நிறைந்தது". நம் பொடியில் 5.6 கிராம் சேர வேண்டுமானால் ஒருவர் ஒரே வேளையில் 93 கிராம் பொடியைச் சாப்பிட வேண்டும். "நிறைந்தது" என்பது அகராதிச் சொல் அல்ல, அளவைச் சொல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆய்வகச் சோதனையின் ஏற்றத்தாழ்வையும் கணக்கில் எடுக்க வேண்டும். எல்லைக் கோட்டில் சரியாக 6 என்று நிற்கும் பொடி அடுத்த தொகுதியில் 5.7 ஆக இருக்கலாம். அச்சடித்த பொட்டலமோ மாறாது. ஆகவே எல்லையில் நிற்கும் எண்ணை நம்பி வாசகம் எழுதக் கூடாது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

அடுத்தது "இதயத்துக்கு நல்லது." ஐந்தில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். எழுத எளிது, கேட்க இதம், எதையும் அளந்து சொல்வதில்லை. அதனாலேயே பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். தெளிவாக ஒன்றும் சொல்லாததால் பிடிபட மாட்டோம் என்ற எண்ணம். ஐரோப்பியச் சட்டம் இதை நேர்மாறாகப் பார்க்கிறது. பொதுவான நலனைக் குறிக்கும் எந்தக் கூற்றும், அனுமதிக்கப்பட்ட குறிப்பான கூற்று ஒன்றுடன் சேர்ந்தே வர வேண்டும் என்கிறது 10ஆவது பிரிவு. "இதயத்துக்கு நல்லது" என்று எழுதலாம், ஆனால் எந்தப் பொருள், உடலில் என்ன செய்வதால் நல்லது என்பதை அருகிலேயே சொல்ல வேண்டும். அந்தக் குறிப்பான கூற்றுக்கு நம் பொடி தகுதி பெறாவிட்டால் பொதுவான கூற்றும் விழும். கூற்று என்பது சொல் மட்டுமல்ல. படம், வரைகலை, குறியீடு எல்லாமே கூற்று என்று அதே சட்டம் வரையறுக்கிறது. ஆகவே ஓட்ஸால் வரைந்த அந்த இதயமும் ஒரு வாசகம்தான். வரியை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். வாயை மூடிக்கொண்டு சைகையில் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பொருளுக்கு நான் இதே போன்ற ஒரு வரி எழுதினேன். இதயத்தை நட்போடு சேர்த்துப் பேசும் மெல்லிய வரி. அன்றைக்கு அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. சில வாரங்கள் கழித்து வாடிக்கையாளர் தொலைபேசிக் குறிப்புகளின் பிரதி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அதில் ஒரு பெண்மணி கேட்ட கேள்வி பதிவாகியிருந்தது: "இதைச் சாப்பிட ஆரம்பித்தால் அவருடைய மாத்திரையை நிறுத்திவிடலாமா?" வழக்கறிஞர் ஒப்புதல் கொடுத்த வரிதான் அது. ஆனால் அந்தப் பெண்மணி அந்த வரியில் எதைப் படித்தார் என்பதை அந்தக் கேள்வி சொல்லிவிட்டது. அன்று முதல், ஒரு வாசகத்தை எழுதியதும், இதைப் படித்தவர் அடுத்து என்ன கேட்பார் என்று யோசிக்கிறேன். "எவ்வளவு சாப்பிட வேண்டும்?" என்று கேட்டால் வாசகம் தன் எல்லைக்குள் இருக்கிறது. "மருந்தை விட்டுவிடலாமா?" என்று கேட்டால் வாசகம் உணவின் எல்லையைத் தாண்டிவிட்டது.

மூன்றாவது வாசகத்துக்கு வருவோம். இது அறிவியல் அடிப்படை உள்ள கூற்று. பீட்டா குளூக்கான் குடலில் நீரை உறிஞ்சிப் பிசுபிசுப்பான கூழாகிறது. அந்தக் கூழில் பித்த அமிலங்கள் சிக்கி, மீண்டும் உறிஞ்சப்படாமல் வெளியேறுகின்றன. கல்லீரல் புதிய பித்த அமிலத்தை உருவாக்க வேண்டியிருக்கிறது. அதற்கான மூலப்பொருளான கொலஸ்டிராலை இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு 3 கிராம் அல்லது அதற்கு மேல் எடுத்துக்கொண்டவர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்க்கையில், கெட்ட கொலஸ்டிரால் எனப்படும் எல்.டி.எல். சராசரியாக டெசிலிட்டருக்கு சுமார் 10 மில்லிகிராம் குறைந்தது தெரியவந்தது. உண்மையான பயன்தான், ஆனால் சிறிய பயன். மாத்திரையின் இடத்தைப் பிடிக்கும் அளவல்ல.

இந்தச் சான்றின் அடிப்படையில் ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் வெளியிட்ட அனுமதிக்கப்பட்ட கூற்றுகளின் பட்டியலில், பீட்டா குளூக்கான் இரத்தக் கொலஸ்டிராலை இயல்பு நிலையில் பேண உதவுகிறது என்ற கூற்று இடம்பெற்றது. நிபந்தனைகள் இரண்டு. குறிப்பிட்ட ஒரு பரிமாறலில் குறைந்தது 1 கிராம் பீட்டா குளூக்கான் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 3 கிராம் எடுத்துக்கொண்டால்தான் பயன் என்று வாசகருக்குத் தெரிவிக்க வேண்டும்.

நம் கிண்ணத்தில் இருப்பது 0.96 கிராம்.

"0.96ஐ 1 என்று எடுத்துக்கொள்ளலாமே" என்றார் விற்பனைப் பிரிவில் ஒருவர். எண்களை முழுமையாக்குவது அன்றாட வழக்கம்தான், அவர் கேட்டதில் தீய எண்ணம் இல்லை. ஆனால் இந்த 0.96 என்பதே ஓட்ஸில் 4 விழுக்காடு என்று நாமே வைத்துக்கொண்ட ஊகத்தில் வந்த எண். 3 விழுக்காடு உள்ள ஓட்ஸ் வந்தால் கிண்ணத்தில் 0.72தான் இருக்கும். மூன்று கிண்ணம் சாப்பிட்டாலும் 2.16. நாம் அச்சடித்ததை நம்பி ஒருவர் ஒழுங்காக மூன்று வேளையும் சாப்பிட்டு, பயன் கிடைக்கும் அளவில் 72 விழுக்காட்டைத்தான் பெறுவார். அவருக்கு அது தெரியவே தெரியாது. உணவு வாசகத்தில் நடக்கும் ஏமாற்றின் தன்மையே இதுதான்: பிஸ்கட் நமத்துப்போயிருந்தால் வாயில் தெரியும், பீட்டா குளூக்கான் குறைந்தால் எங்கேயும் தெரியாது.

அளவைச் சொல்லாமல் பயனை மட்டும் சொல்வதன் விலையை ஒரு பெரிய நிறுவனமே கொடுத்திருக்கிறது. டனான் நிறுவனம் தன் ஆக்டிவியா தயிரை நாளுக்கு ஒரு முறை சாப்பிட்டால் மலச்சிக்கல் போன்ற தற்காலிகத் தொல்லை தீரும் என்று விளம்பரம் செய்தது. அமெரிக்க வணிக ஆணையம் அதைக் கேள்விக்குள்ளாக்கி, 2010இல் உடன்பாட்டுக்கு வந்தது. நாளுக்கு மூன்று பரிமாறல் தேவை என்று தெரிவிக்காமல் அந்தப் பயனை இனிச் சொல்லக் கூடாது என்பது உடன்பாட்டின் ஒரு பகுதி. தயிருக்கு அந்தக் குணம் உண்டா இல்லையா என்பதைவிட, மூன்றில் கிடைப்பதை ஒன்றில் கிடைப்பதாகச் சொன்னதுதான் அங்கே குற்றம். நம் பொட்டலத்தில் அதே தவற்றைச் செய்ய, "நாளுக்கு மூன்று கிண்ணம்" என்ற வரியைப் பின்புறத்தின் மூலையில் சிறிய எழுத்தில் போட்டாலே போதும்.

இங்கேதான் மூன்றாவது எண் குறுக்கே வருகிறது. பீட்டா குளூக்கான் மூன்று கிராமை நெருங்கவே மூன்று கிண்ணம் வேண்டும் என்றால், கூடவே 21.6 கிராம் சர்க்கரையும் உள்ளே போகும். சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மேலும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வழிகாட்டியது. 2000 கலோரி உண்பவருக்கு அந்த 5 விழுக்காடு 25 கிராம். இதயத்தைக் காப்பாற்ற நினைத்து மூன்று கிண்ணம் சாப்பிடுபவர் அந்த 25 கிராமை இந்தப் பொடியிலேயே ஏறத்தாழ முடித்துவிடுவார்.

இதைச் சட்டம் தடுக்குமா? கொலஸ்டிரால் கூற்றின் நிபந்தனைகளில் சர்க்கரையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நலக் கூற்று தாங்கும் உணவுகளில் சர்க்கரை, உப்பு, கொழுப்புக்கு உச்சவரம்பு வகுக்க வேண்டும் என்று 1924/2006 ஒழுங்குமுறையே 2009 ஜனவரியைக் கெடுவாக வைத்தது. அந்தக் கெடு கடந்துபோனது, வரம்புகள் வரவில்லை. அமெரிக்காவிலும் நலக் கூற்றைத் தகுதியிழக்கச் செய்யும் பொருட்களின் பட்டியலில் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கொலஸ்டிரால், சோடியம் இருக்கின்றன, சர்க்கரை இல்லை. நல்ல பொருள் எவ்வளவு இருக்கிறது என்று சட்டம் அளக்கிறது. அதோடு கூட வருவது எது என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. அந்த இடைவெளியில் எழுதுபவருடைய மனச்சாட்சி ஒன்றுதான் நிற்கிறது. இதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அனுமதிக்கப்பட்ட வாசகம், உண்மையான வாசகம், படிப்பவருக்குத் தீங்கு செய்யாத வாசகம் ஆகிய மூன்றும் வேறு வேறு என்பதை இந்தப் பொட்டலம் எண்களாகவே காட்டுகிறது.

ஒரு வழக்கில் சட்டம் இந்த இடைவெளியை நேராகப் பார்த்தது. டெக்ஸ்ட்ரோ எனர்ஜி என்ற ஜெர்மன் நிறுவனம், குளூக்கோஸ் உடலின் இயல்பான ஆற்றல் வளர்சிதை மாற்றத்துக்கு உதவுகிறது என்பது போன்ற கூற்றுகளுக்கு அனுமதி கேட்டது. அறிவியல் குழு காரணமும் விளைவும் நிறுவப்பட்டிருப்பதாக ஒப்புக்கொண்டது. ஆனாலும் ஐரோப்பிய ஆணையம் அனுமதி மறுத்தது. சர்க்கரையைக் குறைக்கும்படி சுகாதார அமைப்புகள் சொல்லிக்கொண்டிருக்கையில், அதை உண்ண ஊக்குவிக்கும் வாசகம் உண்மையாகவே இருந்தாலும் நுகர்வோரைக் குழப்பும் என்பது காரணம். ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் அந்த மறுப்பை உறுதி செய்தது. உண்மையாக இருப்பது மட்டுமே போதாது என்று நீதிமன்றமே சொன்ன பிறகு, "நாங்கள் பொய் சொல்லவில்லையே" என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

நான்காவது வாசகம் கேட்பதற்கு மூன்றாவதின் அண்ணன் போல இருக்கிறது. சட்டத்தில் அது வேறு வீடு. ஐரோப்பாவில் ஓட்ஸ் பீட்டா குளூக்கானுக்கு நோய் அபாயம் குறைக்கும் கூற்று 2011இல் தனியாக அனுமதிக்கப்பட்டது. அதன் வடிவத்தைக் கவனிக்க வேண்டும்: ஓட்ஸ் பீட்டா குளூக்கான் இரத்தக் கொலஸ்டிராலைக் குறைப்பதாகக் காட்டப்பட்டுள்ளது, உயர்ந்த கொலஸ்டிரால் இதயத் தமனி நோய்க்கான ஓர் அபாயக் காரணி. இரண்டு வாக்கியங்கள். "ஆகவே இதய நோய் வராது" என்ற மூன்றாவது வாக்கியம் அதில் இல்லை. நம்மிடம் வந்த வாசகமோ இரண்டையும் ஒட்டி, "இதய நோய் அபாயத்தைத் தணிக்கிறது" என்று அந்த மூன்றாவதை உள்ளே நுழைத்துவிட்டது. மேலும், அந்த நோய்க்குப் பல காரணிகள் உண்டு, ஒன்றை மாற்றுவதால் பயன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்ற அறிவிப்பும் கூடவே வர வேண்டும். பீட்டா குளூக்கானைத்தான் எழுவாயாக வைத்து எழுத வேண்டுமே தவிர, பொடியின் வணிகப் பெயரை வைக்கக் கூடாது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இலேயே ஓட்ஸின் கரையும் நாருக்கு இதய நோய் பற்றிய கூற்றை அனுமதித்தது. அங்கே ஒரு பரிமாறலில் 0.75 கிராம் போதும், நம் 0.96 அந்த ஒரு நிபந்தனையைத் தாண்டிவிடும். ஆனால் "அபாயத்தைக் குறைக்கக்கூடும்" என்றும், நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்டிராலும் குறைந்த உணவுமுறையின் ஒரு பகுதியாக என்றும் சேர்த்தே எழுத வேண்டும். அனுமதி இருந்தும் வாசகம் எப்படித் தடம்புரளும் என்பதற்கு 2009 மே மாதத்துச் சம்பவம் ஒன்று போதும். ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தின் சீரியோஸ், முழு ஓட்ஸில் செய்யப்படும் உணவு. அதன் பெட்டியில் ஆறு வாரத்தில் கொலஸ்டிராலை 4 விழுக்காடு குறைக்கலாம் என்று அச்சடித்திருந்தார்கள். ஆய்வு ஒன்றை வைத்துக்கொண்டுதான் எழுதினார்கள். எச்சரிக்கைக் கடிதம் என்ன சொன்னது தெரியுமா? இத்தனை வாரத்தில் இத்தனை விழுக்காடு குறைக்கும் என்று சொல்வது உயர் கொலஸ்டிராலுக்குச் சிகிச்சை அளிப்பதாகச் சொல்வதற்குச் சமம். ஆகவே சட்டப்படி இந்தப் பொருள் ஒப்புதல் பெறாத ஒரு புதிய மருந்து. பெட்டிக்குள் இருந்த ஓட்ஸ் மாறவில்லை. வெளியே இருந்த வாக்கியம் உணவை மருந்தாக்கிவிட்டது.

இதில் எழுதுபவர்களுக்கு ஒரு நுட்பமான பாடம் இருக்கிறது. துல்லியமாக எழுது, எண்ணைக் கொடு என்றே எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். பொருளில் உள்ள சத்தின் அளவுக்கு எண் கொடுப்பது நேர்மை. உடலில் நடக்கும் மாற்றத்துக்கு எண் கொடுப்பது, பெரும்பாலும், சிகிச்சை வாக்குறுதி. "ஒரு கிண்ணத்தில் 2.4 கிராம்" என்பதை எவரும் அளந்து பார்த்துச் சரிபார்க்கலாம். "4 விழுக்காடு குறையும்" என்பது ஆய்வில் கலந்துகொண்டவர்களின் சராசரி. பொட்டலத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அது பொருந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஐந்தாவது வாசகத்துக்கு அதிக நேரம் வேண்டாம். தனி மருத்துவர் அல்லது சுகாதாரத் துறையினரின் பரிந்துரையைச் சுட்டும் நலக் கூற்றை ஐரோப்பிய ஒழுங்குமுறையின் 12ஆவது பிரிவு வெளிப்படையாகத் தடை செய்கிறது. இந்தியாவின் 2018 ஒழுங்குமுறையும், மருத்துவர்கள் பரிந்துரைத்ததாகவோ ஒப்புதல் அளித்ததாகவோ பொருள்படும்படி உணவை விற்கக் கூடாது என்கிறது. வெள்ளை அங்கி அணிந்த நடிகரின் படமும் இதே வகைதான். இந்த வாசகம் வேண்டாம்.

இடையில் ஆறாவதாக ஒன்றும் வந்தது. சர்க்கரையை எடுத்துவிட்டு அடர்த்தியாக்கிய பழச்சாறைச் சேர்த்து "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று எழுதலாமே என்றார்கள். இனிப்புக்காகவே சேர்க்கப்படும் எந்த உணவும் அந்த வாசகத்தைச் செல்லாததாக்கும் என்பது ஐரோப்பிய நிபந்தனை. பழச்சாறு அடர்வு அந்த வேலைக்காகத்தான் வருகிறது. நாக்குக்கும் கணையத்துக்கும் அது சர்க்கரையேதான்.

ஆகவே இப்போதிருக்கும் பொடிக்கு எந்த வாசகம்? கொலஸ்டிரால் கூற்று ஐரோப்பிய அளவில் 0.04 கிராமால் தவறுகிறது. அந்த 0.04ஐத் திரட்டக் கிண்ணத்தின் அளவை 42 கிராமாக்கிவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. 42 கிராமில் 1.008 வரும், நிபந்தனை நிறைவேறும். ஓட்ஸ் 3.9 விழுக்காடாக இருந்தால் அதுவும் உடையும் என்பது ஒருபுறம். மறுபுறம், உணவில் எதையும் மேம்படுத்தாமல், ஒரு வாக்கியத்தை வாங்குவதற்காக மக்களை இன்னும் சற்று அதிகச் சர்க்கரை உண்ணச் சொல்வது அது. நான் மறுத்துவிட்டேன். இதய வாசகமும் படமும் கொலஸ்டிரால் கூற்றின் தோளில் ஏறி நிற்பவை. அது இல்லையென்றால் இவையும் இல்லை. மிஞ்சுவது நார்ச்சத்து; அதுவும் "நிறைந்தது" அல்ல, "ஒரு கிண்ணத்தில் 2.4 கிராம் நார்ச்சத்து, 7.2 கிராம் சேர்த்த சர்க்கரை" என்று இரண்டு எண்களையும் ஒரே அளவு எழுத்தில் வைப்பது. இரண்டாவது எண்ணை முகப்பில் போட இங்கே பார்த்த ஒழுங்குமுறைகள் கட்டாயப்படுத்தவில்லை. முதல் எண்ணை முன்னால் நிறுத்தி இரண்டாவதை ஒளிப்பது எனக்கு ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

நிறுவனத்துக்கு அந்த வரி பிடிக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. "இதை வைத்து யார் வாங்குவார்கள்?" என்றார்கள். நியாயமான கேள்விதான். வாசகம் பலவீனமாக இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் பொடி பலவீனமாக இருப்பதுதான் என்றேன். பிறகு சேர்மானத்தை மாற்றி ஒரு கணக்கு எழுதிக் காட்டினேன். ஓட்ஸ் 80, சர்க்கரை 6, பால்பொடியும் மணமூட்டியும் 14. அப்போது 40 கிராமில் பீட்டா குளூக்கான் 1.28 கிராம். 3.2 விழுக்காடு உள்ள மட்டமான ஓட்ஸ் வந்தாலும் 1.02 இருக்கும், எல்லையில் தொங்க வேண்டியதில்லை. அதற்கும் கீழே போகும் சரக்கைக் கொள்முதலிலேயே சோதித்து நிறுத்த வேண்டும். நார்ச்சத்து 3.2 கிராம், தண்ணீரில் கரைத்தால் 100 கலோரிக்கு 2.1, "ஆதாரம்" என்ற சொல் மயிரிழையில் அல்லாமல் உறுதியாக நிற்கும். பாலில் கரைக்கச் சொன்னால் 1.13 ஆகி விழும், ஆகவே பின்புறக் குறிப்பில் தண்ணீர் என்றே இருக்க வேண்டும். மூன்று கிண்ணத்தின் சர்க்கரை 7.2 கிராம், பழைய பொடியின் ஒரே கிண்ணத்தில் இருந்த அதே அளவு.

அந்தப் பொடிக்கு மூன்றாவது வாசகத்தை நான் தயங்காமல் எழுதுவேன். நான்காவதை, அனுமதி இருந்தாலும், எழுத மாட்டேன். நோயின் பெயர் பொட்டலத்தின் முகப்பில் வந்தவுடன் படிப்பவர் மாத்திரையைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார், அந்த யோசனையை ஒரு காலை உணவு கிளப்பக் கூடாது. புதிய பொட்டலத்துக்கு நான் கொடுத்த வரி இது: "ஓட்ஸில் உள்ள பீட்டா குளூக்கான் இரத்தக் கொலஸ்டிராலை இயல்பு நிலையில் பேண உதவுகிறது. இந்தப் பயனுக்கு நாளொன்றுக்கு 3 கிராம் தேவை. ஒரு கிண்ணத்தில் இருப்பது 1 கிராம்." ஆய்வகம் 1.28 என்று சொன்னாலும் 1 என்றே எழுதச் சொன்னேன். அதன் கீழே, பலவகை உணவும் சீரான வாழ்க்கைமுறையும் தேவை என்ற கட்டாய அறிவிப்பு; அதன் கீழே, கொலஸ்டிராலுக்கு மருந்து எடுப்பவர்கள் அதை நிறுத்த வேண்டாம் என்ற, யாரும் கட்டாயப்படுத்தாத ஒரு வரி. இரண்டும் மேலே உள்ள வரியின் எழுத்தளவிலேயே. சேர்மானத்தை மாற்றுவது குறித்து இன்னும் அவர்கள் முடிவெடுக்கவில்லை. அதுவரை பழைய பொட்டலத்தின் முகப்பில் அந்த இதயத்தை நீக்கிவிட்டு வெறும் கிண்ணம் ஒன்றை வரையச் சொல்லியிருக்கிறேன்.